நேர்காணல் அழைப்புக் கடிதம்: என்னென்ன இருக்க வேண்டும்?

வேலைக்கு விண்ணப்பித்தவரை நேர்காணலுக்கு வரச் சொல்லி நிறுவனம் அனுப்புவது அழைப்புக் கடிதம். எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் முன்னால், எப்படிப்பட்ட தேர்வு, கையில் என்ன கொண்டு வர வேண்டும், எப்படி வந்து சேர வேண்டும் என்ற கேள்விகளுக்கு அதில் விடை இருக்க வேண்டும். கடிதத்தைப் படித்த பிறகும் விண்ணப்பதாரர் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்க வேண்டியிருந்தால், அதில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு. சென்னை கிண்டி தொழிற்பேட்டையில் உள்ள ஒரு நடுத்தரத் தொழிற்சாலைக்குக் கணக்கு உதவியாளர் ஒருவர் தேவை. ஆறு பேர் அழைக்கப்படுகிறார்கள். அவர்களில் ஒருவர் திண்டுக்கல்லைச் சேர்ந்த பி.காம். பட்டதாரி. நேர்காணல் 18.06.2025, புதன்கிழமை.

தேதியோடு கிழமையையும் எழுதுவது நல்ல வழக்கம். ஆனால் இரண்டும் பொருந்த வேண்டும். பழைய கடிதத்தைத் திறந்து தேதியை மட்டும் மாற்றிவிட்டுக் கிழமையை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ‘18.06.2025, வியாழன்’ என்று போய்விட்டால், தேதியை நம்பியவர் ஒரு நாளும் கிழமையை நம்பியவர் மறுநாளும் வந்து நிற்பார்கள்.

கடிதம் எப்போது போய்ச் சேருகிறது என்பதும் முக்கியம். புதன் காலை சென்னையில் இருக்க, திண்டுக்கல்காரர் செவ்வாய் இரவே ரயில் ஏற வேண்டும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுவதால் இரவு ரயில்களில் இடம் கிடைப்பது அரிது. தட்கல் முன்பதிவோ ரயில் புறப்படுவதற்கு முந்தைய நாள்தான், ஏ.சி. பெட்டிகளுக்குக் காலை 10 மணிக்கு, ஸ்லீப்பர் பெட்டிகளுக்கு 11 மணிக்குத் திறக்கும். ஜூன் 16 மாலையில் கடிதம் வந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். ஜூன் 5-க்குள் அனுப்பி, ‘10-ஆம் தேதிக்குள் வருகையை உறுதி செய்யவும்’ என்று கேட்டுக்கொண்டால் இரு தரப்புக்கும் அவகாசம் இருக்கும்.

அடுத்தது தேர்வுக் குழு. யு.பி.எஸ்.சி. போன்ற அரசுத் தேர்வாணையங்களில் யார் முன்னால் அமரப் போகிறோம் என்பது விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே தெரியாது. சிபாரிசுக்கு வழி இருக்கக் கூடாது என்பதே காரணம். தனியார் நிறுவனத்துக்கு அந்த மறைப்பு தேவைப்படுவதில்லை. ‘கணக்குத் துறை மேலாளர், தொழிற்சாலை மேலாளர், மனிதவள அலுவலர் ஆகிய மூவர்’ என்று பதவிகளையாவது சொல்லிவிடலாம். தொழிற்சாலை மேலாளரும் இருக்கிறார் என்றால் இருப்புக் கணக்கு, கொள்முதல் பற்றிய கேள்விகள் வரும் என்று விண்ணப்பதாரர் ஊகித்துத் தயாராவார். பெயர்களையும் தந்தால் இன்னொரு பயன் உண்டு. குழுவில் தன் உறவினர் இருந்தால் அவர் முன்கூட்டியே தெரிவித்துவிடலாம். குழுவை மாற்றவும் நேரம் கிடைக்கும்.

தேர்வு முறையை எழுதும்போது நேரக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 9.30 மணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. 10 முதல் 10.40 வரை கணினியில் டேலி, எக்ஸெல் செய்முறைத் தேர்வு. 11 மணி முதல் நேர்காணல். ஆளுக்கு 20 நிமிடம், நடுவில் குழு மதிப்பெண் குறிக்க 10 நிமிடம் என்றால் ஆறு பேருக்கு மூன்று மணி நேரம். கடைசி ஆள் உள்ளே போகும்போது மணி 1.30 ஆகியிருக்கும். இதைச் சொல்லாமல் எல்லோரையும் ‘காலை 9.30’ என்று மட்டும் அழைத்தால், ஒருவர் நான்கு மணி நேரம் நாற்காலியில் காத்திருந்து களைத்துப் போய்த்தான் குழுவைச் சந்திப்பார். ஒவ்வொருவருக்கும் அவரவர் நேரத்தைத் தனியே குறிப்பிடுவதே நியாயம். கேள்விகள் தமிழிலா ஆங்கிலத்திலா, மதிய உணவு உண்டா, மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம், உதவியாளர் போன்ற ஏற்பாடு தேவைப்பட்டால் யாரிடம் சொல்வது என்பதும் இதே பகுதியில் வர வேண்டும்.

ஆவணப் பட்டியலில்தான் குழப்பம் அதிகம். ‘அனைத்துச் சான்றிதழ்களும்’ என்று எழுதினால் ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இந்த வேலைக்குப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ், அடையாள அட்டை ஒன்று, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு, முன் அனுபவம் இருந்தால் அதற்கான சான்று ஆகியவை போதும். பத்தாம் வகுப்புப் பட்டியலே பிறந்த தேதிக்கும் ஆதாரமாகிவிடும். எல்லாவற்றிலும் அசலும், தானே கையொப்பமிட்ட ஒரு நகலும் வேண்டும்.

இங்கே மூன்று இடங்களில் தெளிவு தேவை. படிப்பை முடித்தும் பட்டமளிப்பு விழா நடக்காதவரிடம் தற்காலிகச் சான்றிதழ்தான் இருக்கும். அது ஏற்கப்படுமா என்று சொல்லிவிட வேண்டும். இப்போது வேறிடத்தில் வேலை செய்பவரிடம் பணிவிடுவிப்புக் கடிதம் கேட்பதில் பொருளில்லை; கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு போதும். மூன்றாவது, பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அதுவே பின்னால் போயிருக்கும், அல்லது அப்பா பெயராக விரிந்திருக்கும். இந்த வேறுபாட்டுக்காக யாரும் திருப்பி அனுப்பப்பட மாட்டார்கள் என்று ஒரு வரி இருந்தால், கடைசி நேர அலைச்சல் மிச்சம். அசல்கள் பார்த்தவுடன் திருப்பித் தரப்படும் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

பயண வழியைப் பழைய கடிதத்திலிருந்து எடுத்து ஒட்டக் கூடாது. ‘கோயம்பேட்டில் இறங்கவும்’ என்ற வரி பல ஆண்டுகள் சரியாக இருந்தது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்ட அரசுப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து கிண்டிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். காலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகலாம். எனவே, வருபவரின் ஊரை வைத்து வழி எழுத வேண்டும். திண்டுக்கல்காரருக்கான பகுதி இப்படி அமையலாம்:

‘ரயிலில் வருவோர் தாம்பரத்தில் இறங்கி, கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் கிண்டிக்கு வரலாம். எழும்பூர் வரை செல்ல வேண்டியதில்லை. பேருந்தில் வருவோர் கிளாம்பாக்கத்திலிருந்து மாநகரப் பேருந்தில் கிண்டிக்கு வரலாம், காலை 7.30 மணிக்குள் கிளாம்பாக்கத்தில் புறப்படுவது நல்லது. வாயிற்காவலரிடம் இக்கடிதத்தைக் காட்டவும்.’

கோவையிலிருந்து சென்ட்ரலில் வந்து இறங்குபவருக்கு வேறு வழி: விமான நிலையம் செல்லும் மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். முகவரியோடு அருகில் உள்ள அடையாளம், எந்த மாடி, அன்று காலை போன் எடுக்கும் ஒருவரின் எண் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். பயணச் செலவை நிறுவனம் தருமா என்பதை மழுப்பாமல் எழுத வேண்டும். தருவதாக இருந்தால், எந்த வகுப்புக் கட்டணம் வரை, டிக்கெட் காட்ட வேண்டுமா என்பதும் தெரிய வேண்டும்.

போலி அழைப்புக் கடிதங்கள் உலவும் காலம் என்பதால் கடைசியில் இரண்டு விவரங்கள் அவசியம். ஒன்று, ‘எந்தக் கட்டத்திலும் பணம் கேட்கப்படாது’ என்ற உறுதி. மற்றது, கடிதம் உண்மையா என்று சரிபார்க்க நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரி. முன்பணம் கேட்கும் அழைப்பு எவ்வளவு அழகான முகப்புத்தாளில் வந்தாலும், அதை நம்பி ரயில் ஏற வேண்டாம்.