மதியம் வரை புளிக்காத, ஒழுகாத தயிர்சாதம்

காலை ஏழரைக்குக் கட்டும் சாப்பாட்டைப் பிள்ளை பன்னிரண்டரைக்குத் திறக்கிறது. இந்த ஐந்து மணி நேரத்தில் சாதம் கெடுவதும் டப்பா ஒழுகுவதும் பெரும்பாலும் ஒரே தவறால்தான்: ஆவி பறக்கச் சாதத்தைப் போட்டு உடனே மூடிவிடுகிறோம்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாசனை பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. பொதுவாக 5 முதல் 60 டிகிரி வரையுள்ள சூடுதான் கிருமிகள் பெருகும் இடம். அதனால் சாப்பாடு ஒன்று நல்ல சூட்டிலேயே இருக்க வேண்டும், அல்லது ஆறியபின் மூடப்பட வேண்டும். சாதாரண எவர்சில்வர் டப்பாவில் சுடச்சுட அடைத்த சாதம் இரண்டுமில்லாமல் வெகுநேரம் வெதுவெதுப்பிலேயே கிடக்கிறது. போதாததற்கு, மூடியில் படிந்த ஆவி நீராகிச் சாதத்தின் மேல் சொட்டி, அதை நசநசவென்று ஆக்குகிறது. இரவெல்லாம் அடுப்படியில் இருந்த பழைய சாதத்தைக் காலையில் தாளித்துக் கட்டுவதையும் இதனால்தான் நான் ஏற்பதில்லை.

நம் வீடுகளில் அதிகம் கட்டப்படும் தயிர்சாதத்தையே எடுத்துக்கொள்வோம். காலையில் முழுக்கத் தயிர் ஊற்றிப் பிசைந்தால் மதியம் புளித்துப்போகும். பிள்ளைகள் மிச்சம் வைத்துக்கொண்டு வருவது அதனால்தான். பாலில் பிசைந்து கொஞ்சமாகத் தயிர் சேர்ப்பதே சரியான வழி. அன்று காலை வடித்த சாதம் ஒரு கப் எடுத்து, சூட்டோடு கரண்டியால் நன்றாக மசியுங்கள். ஆறியபின் மசித்தால் பருக்கை பருக்கையாக நிற்கும். காய்ச்சிய பால் முக்கால் கப் ஊற்றிக் கலந்து, தட்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். பத்து நிமிடத்தில் ஆறிவிடும். விரலை வைத்தால் சூடே தெரியக்கூடாது. அதன்பிறகு இரண்டு மேசைக்கரண்டி புளிக்காத கெட்டித்தயிரும் உப்பும் சேருங்கள். சூடான சாதத்தில் தயிரைப் போட்டால் உறையவைக்கும் நுண்ணுயிரிகள் செத்துப்போகும், பாலும் திரிந்துவிடக்கூடும்.

பையில் இருக்கும்போதே பால் மெல்ல உறையத் தொடங்கும். தயிரின் புளிப்பே கிருமிகளையும் அடக்கி வைக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் தயிர் ஒன்றரைக் கரண்டி போதும். மார்கழியில் மூன்று வேண்டும். சாதம் பாலைக் குடித்து இறுகும் என்பதால் காலையில் கொஞ்சம் தளரவே இருக்கட்டும். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்து ஆறவிட்டுக் கொட்டுங்கள். பச்சை வெங்காயமும் துருவிய வெள்ளரியும் வேண்டாம். வெங்காயம் சீக்கிரம் நாற்றம் தரும், வெள்ளரி நீர் விடும். மாதுளை முத்து ஒன்றும் செய்யாது.

புளியோதரைக்கு இவ்வளவு கவனம் தேவையில்லை, புளியும் நல்லெண்ணெயும் காக்கும். தேங்காய்ச் சட்னியைத்தான் வெயில் காலத்தில் கட்டவே வேண்டாம்.

சாம்பார் ஒழுகுவதற்கும் சூடு ஒரு காரணம். கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடினால் உள்ளே ஆவி சேர்ந்து அழுத்தம் ஏறும். பஸ்ஸில் குலுங்கும்போது சாம்பாரையும் சேர்த்து வெளியே தள்ளும். சாம்பார் சுடச்சுட வேண்டும் என்பவர்கள் வெப்பம் காக்கும் ஃபிளாஸ்க் வாங்குவதே நல்லது. அதில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, கொதிக்கும் சாம்பாரை ஊற்றுங்கள். குளிர்ந்த ஃபிளாஸ்க்கில் ஊற்றினால் அதன் சுவரே கொஞ்சம் சூட்டைக் குடித்துவிடும். எதில் ஊற்றினாலும் மேலே ஒரு விரற்கடை இடம் விடுங்கள்.

அடுத்தது மூடியின் ரப்பர் வளையம். அதன் பள்ளத்தில் எண்ணெயும் பருக்கையும் சேர்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் இடைவெளி இருக்கும். வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவிக் காயவையுங்கள். மூடுமுன் டப்பாவின் விளிம்பை உலர்ந்த துணியால் துடையுங்கள். புது டப்பாவில் சாம்பார் கட்டுமுன் பாதிக்குத் தண்ணீர் நிரப்பி, வெளிப்புறம் துடைத்து, செய்தித்தாளின் மேல் பத்து நிமிடம் கவிழ்த்துவையுங்கள். தாள் நனைந்தால் வளையத்தைக் கழற்றிச் சரியாகப் பொருத்திப் பாருங்கள். மறுபடியும் நனைந்தால் அந்த டப்பாவில் குழம்பு கட்டாதீர்கள், சப்பாத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை முதல் இது ஒன்றை மட்டும் செய்யுங்கள்: பிள்ளை குளிக்கப் போகும்போதே சாதத்தைத் தட்டில் பரப்பிவிடுங்கள். கிளம்பும் நேரத்துக்குள் அது மூடும் பதத்துக்கு ஆறியிருக்கும்.