அக்காளுக்கு இரண்டு நட்சத்திரம்

என் அக்காள் 2000ஆம் ஆண்டு பிறந்தவள். ஒரு சோதிடர் அவளுக்குக் கார்த்திகை நான்காம் பாதம் என்றார். இன்னொருவர் ரோகிணி என்றார். பிறந்த நேரத்தைத்தான் முதலில் சந்தேகித்தோம். பாவம், நேரத்தில் பிழையில்லை, வேறுபட்டது அயனாம்சம்.

வானநூல் கணக்கின் தொடக்கப்புள்ளி ஆண்டுதோறும் சிறிது பின்னோக்கி நகர்கிறது. அந்த நகர்வைச் சந்திரனின் பாகையிலிருந்து கழித்தே நட்சத்திரம் காண்கிறார்கள். நகர்வு பூச்சியமாயிருந்த ஆண்டு லாகிரி முறையில் கி.பி. 285; ராமன் முறையில் 397. ஆகவே 2000இல் லாகிரி அயனாம்சம் 23 பாகை 51 கலை, ராமன் 22 பாகை 24 கலை.

அக்காளின் சந்திரன் 63 பாகை 20 கலை. கழித்தால் லாகிரிப்படி 39 பாகை 29 கலை. ராமன்படி 40 பாகை 56 கலை. கார்த்திகை முடிந்து ரோகிணி தொடங்குவதோ சரியாக 40 பாகையில்!

வந்த வரன் அஸ்தம். ரோகிணியும் அஸ்தமும் ஒரே கண்ட ரஜ்ஜு, பொருந்தாது. கார்த்திகை உதர ரஜ்ஜு, தடையில்லை.

இடைப்பட்ட 1 பாகை 27 கலையைக் கடக்கச் சந்திரனுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். லாகிரிப்படி நட்சத்திரம் முடியுமுன் அந்த நேரத்திற்குள் பிறந்தவர்களுக்கே இச்சங்கடம். இருவர் ஜாதகமும் ஒரே முறையில் கணித்திருக்கவும் வேண்டும். வரனின் ஜாதகம் எம்முறையில் கணித்தது என்று கேட்டுவர அப்பா போயிருக்கிறார்.