விலை ஏறியது எதனால்? அமெரிக்காவின் 1969உம் 1974உம்

வெங்காய விலை மட்டும் ஏறி மற்ற பொருள்களின் விலை அப்படியே இருந்தால், அது பணவீக்கம் ஆகாது. பெரும்பாலான பொருள்களின் விலை ஒருசேர, தொடர்ந்து ஏறிக்கொண்டே போவதுதான் பணவீக்கம். அது இரண்டு வழிகளில் வரும். மக்களும் அரசும் செலவிடும் பணம் நாட்டின் உற்பத்தியைவிட வேகமாகப் பெருகினால், இருக்கும் சரக்குக்குப் போட்டி கூடி விலை மேலே இழுக்கப்படுகிறது. இது தேவை இழுப்புப் பணவீக்கம். மாறாக, எரிபொருள், மூலப்பொருள், கூலி போன்றவற்றின் செலவு ஏறி, உற்பத்தி செய்பவர் அந்தச் சுமையை விலையில் ஏற்றினால், விலை கீழிருந்து தள்ளப்படுகிறது. இது செலவு உந்து பணவீக்கம்.

கடையில் விலைச்சீட்டைப் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் அரசு எடுக்கும் நடவடிக்கை இந்த வேறுபாட்டைப் பொறுத்தே பலிக்கும், அல்லது கெடுதல் செய்யும். பத்தே ஆண்டுகளுக்குள் இரண்டு வகையையும் சந்தித்த நாடு அமெரிக்கா. அங்கே இரண்டு குடியரசுத் தலைவர்கள் இரண்டு பணவீக்கங்களுக்கும் ஒரே வழியை, அதாவது வருமான வரியின் மேல் ஒரு கூடுதல் வரியை நாடினார்கள். அதனால் வேறுபாட்டை விளக்க இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

விலை எவ்வளவு ஏறியது என்பதை அளக்கும் கருவி நுகர்வோர் விலைக் குறியீட்டெண். ஒரு சராசரிக் குடும்பம் வாங்கும் உணவு, உடை, வாடகை, போக்குவரத்து, மருத்துவம் முதலியவற்றை ஒரு கூடையாக வைத்து, அந்தக் கூடைக்கு ஆகும் செலவைத் தொடர்ந்து கணக்கெடுக்கிறார்கள். ஏதாவது ஒரு காலத்தை அடிப்படையாகக் கொண்டு அப்போதைய செலவை 100 என்று வைத்துக்கொள்வார்கள். அடிப்படை ஆண்டில் 2,000 ரூபாய்க்குக் கிடைத்த கூடை இன்று 2,500 ரூபாய் என்றால் இன்றைய குறியீட்டெண் 125.

அமெரிக்கக் குறியீட்டெண்ணுக்கு இப்போது 1982 முதல் 1984 வரையிலான சராசரியே அடிப்படை. 1970களின் எண்கள் 100க்குக் கீழே இருப்பது அதனால்தான். 1973இன் ஆண்டுச் சராசரி 44.4. 1974இல் அது 49.3. இவற்றிலிருந்து பணவீக்க வீதத்தைக் காணும் வழி இது:

பணவீக்க வீதம் = (இந்த ஆண்டின் எண் − சென்ற ஆண்டின் எண்) ÷ சென்ற ஆண்டின் எண் × 100

49.3இலிருந்து 44.4ஐக் கழித்தால் 4.9. அதை 44.4ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 11.0. ஆக, 1974இல் பணவீக்கம் 11 சதவீதம்.

இந்தச் சிறிய கணக்கில் இரண்டு இடங்களில் தவறு நேர்வதுண்டு. முதலாவது, 4.9 என்ற வித்தியாசத்தையே 4.9 சதவீதம் என்று எழுதிவிடுவது. அது சதவீதம் அல்ல, குறியீட்டெண் புள்ளி. அந்தக் காலத்தில் அமெரிக்கா 1967ஐ அடிப்படையாக வைத்து எண்களை வெளியிட்டு வந்தது. அந்த வரிசையில் 1973க்கு 133.1, 1974க்கு 147.7. வித்தியாசம் 14.6 புள்ளி. அதே நாடு, அதே விலைகள். ஆனால் ஒரு வரிசையில் 4.9 புள்ளி, இன்னொன்றில் 14.6 புள்ளி. 14.6ஐ 133.1ஆல் வகுத்தால் மறுபடியும் 11.0 சதவீதமே வருகிறது. அடிப்படை ஆண்டை மாற்றினால் புள்ளிகள் மாறும், வீதம் மாறாது. இரண்டாவது தவறு, பழைய எண்ணால் வகுக்காமல் புதிய எண்ணால் வகுப்பது. 4.9ஐ 49.3ஆல் வகுத்தால் 9.9 சதவீதம் என்று வந்து ஏற்றத்தைக் குறைத்துக் காட்டும். ஏற்றம் எங்கிருந்து தொடங்கியதோ அந்த எண்ணால்தான் வகுக்க வேண்டும்.

பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போதும் கவனம் வேண்டும். 1965இல் குறியீட்டெண் 31.5, 1969இல் 36.7. நான்கு ஆண்டுகளில் மொத்த ஏற்றம் 16.5 சதவீதம். இதை நான்கால் வகுத்தால் ஆண்டுக்கு 4.1 என்று வரும். உண்மையான சராசரி 3.9தான். ஒவ்வோர் ஆண்டின் ஏற்றமும், அதற்கு முந்தைய ஆண்டில் ஏற்கெனவே ஏறிய விலையின் மேல் வட்டிக்கு வட்டிபோல ஏறுகிறது என்பதே காரணம்.

அந்த நான்கு ஆண்டுகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டால் 2.9, 3.1, 4.2, 5.5 என்று வீதம் படிப்படியாக ஏறியது தெரிகிறது. 1965இல் லிண்டன் ஜான்சன் வியட்நாமுக்குப் படைகளைப் பெருமளவில் அனுப்பத் தொடங்கினார். உள்நாட்டில் மருத்துவம், கல்வி, வறுமை ஒழிப்புக்கான பெரிய திட்டங்களும் அப்போதுதான் தொடங்கின. ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொருளாதாரத்தில் அரசின் செலவும் சேர்ந்தது. 1966இல் நாட்டின் உண்மை உற்பத்தி 6.6 சதவீதம் வளர்ந்தது. வேலையின்மை 1965இல் இருந்த 4.5 சதவீதத்திலிருந்து 1969இல் 3.5 சதவீதத்துக்கு இறங்கியது. ஆலைகள் கூடுதல் நேரம் ஓடின, ஆள் கிடைப்பது அரிதானது, கூலி ஏறியது. விலையும் உற்பத்தியும் வேலைவாய்ப்பும் சேர்ந்தே ஏறுவது தேவை இழுப்பின் தெளிவான அடையாளம்.

இந்த நிலையில் வரியைக் கூட்டுவது சரியான வழி. மக்கள் கையிலிருந்து கொஞ்சம் பணத்தை எடுத்தால் போட்டி தணியும். ஜான்சனின் பொருளாதார ஆலோசகர்கள் 1965இன் இறுதியிலேயே இதைச் சொன்னார்கள். அவர் காங்கிரஸிடம் கூடுதல் வரி கேட்டது 1967 ஜனவரியில். 10 சதவீதக் கூடுதல் வரி சட்டமானது 1968 ஜூனில். வழி சரி, காலம்தான் தவறியது. வரி வந்த பிறகும் 1969இல் பணவீக்கம் 5.5 சதவீதம் வரை போனது. அதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம் கவனிக்கத்தக்கது. இது தற்காலிக வரி என்று அறிந்த குடும்பங்கள் செலவைக் குறைக்கவில்லை. சேமிப்பைக் குறைத்துக்கொண்டு வரியைக் கட்டின.

1973 அக்டோபரில் நிலைமை வேறு. இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் போர் மூண்டபோது அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின, உற்பத்தியையும் குறைத்தன. பீப்பாய் ஏறத்தாழ 3 டாலராக இருந்த எண்ணெய் 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது. எண்ணெய் என்பது வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் மட்டுமல்ல. உரம், நெகிழி, லாரி வாடகை, மின்சாரம், வீட்டைச் சூடாக்கும் எரிபொருள் என்று எல்லாவற்றிலும் அது கலந்திருக்கிறது. எனவே யாரும் கூடுதலாக வாங்காத பொருளின் விலைகூட ஏறியது.

இப்போது உற்பத்தியைப் பார்க்க வேண்டும். 1974இல் அமெரிக்காவின் உண்மை உற்பத்தி அரை சதவீதம் சுருங்கியது. வேலையின்மை 1973இல் 4.9 சதவீதம், 1975இல் 8.5. விலை ஏற, உற்பத்தி இறங்க, வேலையும் போனது. இது செலவு உந்துதலின் அடையாளம். இப்படித் தேக்கமும் வீக்கமும் சேர்ந்து வருவதைத் தேக்கவீக்கம் என்பார்கள். இதன் உள்ளே நடப்பது எளிது: எண்ணெய்க்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி நாட்டைவிட்டு வெளியே போனது. அது வெளிநாடு விதித்த ஒரு வரி போலவே வேலை செய்து, மக்களின் வாங்கும் சக்தியை ஏற்கெனவே குறைத்திருந்தது.

அதன் மேல்தான் ஜெரால்ட் ஃபோர்டு இன்னொரு வரியைக் கேட்டார். 1974 அக்டோபர் 8 அன்று காங்கிரஸில் பேசிய அவர், நிறுவனங்களுக்கும் உயர் வருமானம் உள்ளவர்களுக்கும் 5 சதவீதக் கூடுதல் வரி முன்மொழிந்தார். பணவீக்கத்தை விரட்டுவோம் என்ற பொருள்படும் மூன்று எழுத்துகள் பொறித்த சட்டைப் பொத்தானையும் அன்று அணிந்திருந்தார். பொருளாதாரம் அப்போது சரிந்துகொண்டிருந்தது. மூன்று மாதங்களில், 1975 ஜனவரியில், அவரே வரிக் குறைப்பைக் கேட்க நேர்ந்தது. மார்ச்சில் அது சட்டமானது. 1968இல் பொருந்திய மருந்து 1974இல் நோயைக் கூட்டியிருக்கும். ஜான்சனின் தாமதத்தைவிட ஃபோர்டின் பிழை நுட்பமானது. 11 சதவீதம் என்ற எண் மட்டுமே எதிரே இருந்தால் யாரும் அப்படித்தான் முடிவெடுப்பார்கள். குறியீட்டெண் விலை எவ்வளவு ஏறியது என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. அதற்கு உற்பத்தி, வேலையின்மைக் கணக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தாலும் இரண்டையும் கத்தியால் வெட்டியதுபோலப் பிரிக்க முடியாது. 1972இன் குறியீட்டெண் 41.8. அதிலிருந்து 1973க்குக் கணக்கிட்டால் 6.2 சதவீதம் வருகிறது. எண்ணெய்த் தடை அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில்தான் வந்தது. எனவே அதற்கு முன்பே வேறு காரணங்கள் வேலை செய்திருக்கின்றன. 1972இல் சோவியத் நாட்டில் விளைச்சல் பொய்த்து, அது அமெரிக்கத் தானியத்தைப் பெருமளவில் வாங்கிச் சென்றது. அதே ஆண்டில் பணப்புழக்கமும் தாராளமாக இருந்தது, அதாவது தேவையின் இழுப்பும் இருந்தது. போதாக்குறைக்கு, 1971 ஆகஸ்டில் ரிச்சர்ட் நிக்சன் கொண்டுவந்த விலைக் கட்டுப்பாடு 1974 ஏப்ரலில் முடிந்தது. அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்த விலைகள் அதன்பிறகு எழுந்தன. ஆகவே 11 சதவீதத்தில் எண்ணெயின் பங்கு இவ்வளவு, மற்றவற்றின் பங்கு இவ்வளவு என்று துல்லியமாகப் பிரித்துச் சொன்னால் அதைச் சந்தேகத்தோடு ஏற்பதே நல்லது.

செலவு ஒருமுறை ஏறுவதற்கும் பணவீக்கம் தொடர்வதற்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. எண்ணெய் 3 டாலரிலிருந்து 11 டாலருக்குப் போனது ஒரு படி ஏற்றம். அந்தப் படி ஓராண்டுக் கணக்கில் பெரிதாகத் தெரியும், அடுத்தடுத்த ஆண்டுகளின் கணக்கிலிருந்து மெல்ல மறையும். தொழிலாளர்கள் ஏறிய விலைக்கு ஈடாகக் கூலி கேட்டு, அந்தக் கூலி மறுபடி விலையில் ஏறி, அதற்கு வேண்டிய பணத்தையும் மத்திய வங்கி புழக்கத்தில் விட்டால்தான் ஏற்றம் தொடரும். 1975இல் குறியீட்டெண் 53.8, 1976இல் 56.9. வீதம் முறையே 9.1, 5.8. செய்தித்தாள்கள் பணவீக்கம் இறங்கியது என்று எழுதிய அந்த 1976இல் எண்ணெய் பழைய விலைக்குத் திரும்பியிருக்கவில்லை. 1973இல் 100 டாலருக்கு வாங்கிய கூடைக்கு ஓர் அமெரிக்கக் குடும்பம் இப்போது 128 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தது.