விடியற்காலை விமானம்: வண்டி சொல்லும்போது சொல்ல வேண்டிய மூன்று

பகலில் கால் டாக்ஸி பிடிப்பதில் தவறு நேர்ந்தால், அதைத் திருத்திக்கொள்ள நாலு வழி இருக்கும். டிரைவர் தெரு தெரியாமல் நின்றால் பெட்டிக்கடையில் கேட்பார். வண்டி சிறியதாக வந்தால் இன்னொன்றைக் கூப்பிடலாம். அதிகாலை இரண்டு மணிக்கு இவை எதுவும் நடக்காது. கடைகள் மூடியிருக்கும், தெருவில் ஆள் இருக்காது, டிராவல்ஸ் ஆபீஸில் போனை எடுப்பவரும் தூங்கிக்கொண்டிருப்பார். சென்னை மெட்ரோ ஓடத் தொடங்குவதே காலை 5 மணிக்குத்தான். ஆகவே அந்த நேரத்தில் டிரைவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ, அத்தனையையும் முதல் நாளே அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். விமான நேரம், பெட்டிகளின் எண்ணிக்கை, ஏற வேண்டிய இடம் என்ற மூன்றையும் டிராவல்ஸ்காரர் கேட்பது இதற்காகத்தான்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கொளத்தூரில் இருக்கும் கணவனும் மனைவியும் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போகிறார்கள். வளைகுடா வழியாகப் போகும் விமானம் வெள்ளிக்கிழமை, 13-ம் தேதி, காலை 6.30-க்குக் கிளம்புகிறது. வழியனுப்ப மகனும் மருமகளும் கூடவே வருகிறார்கள். 23 கிலோ பெட்டிகள் நான்கு, கைப்பெட்டிகள் இரண்டு.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பெரும்பாலானோர் "ரெண்டு மணிக்கு வண்டி வேணும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார்கள். விமானம் எத்தனை மணிக்கு என்று சொல்வதில்லை. அதையும் சொன்னால்தான் டிரைவரால் தன் கணக்கைப் போட முடியும். இரவில் எங்கே பாலத்தை மூடுகிறார்கள், எங்கே மெட்ரோ வேலை நடக்கிறது, எந்தச் சாலையில் லாரி வரிசை நிற்கும் என்பது நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நாம் சொன்ன நேரம் போதாது என்றால் "சார், கால் மணி முன்னாடியே வந்துடறேன்" என்று அவரே சொல்லுவார்.

கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். அப்படியானால் 3.30-க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கொளத்தூரிலிருந்து பாடி, திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி, கத்திப்பாரா வழியாக மீனம்பாக்கம் சுமார் 25 கிலோமீட்டர். இரவில் 50 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். அப்போது மணி 2.40. வண்டி தாமதமாக வரலாம், பஞ்சராகலாம், வழி மாறலாம். அதற்கெல்லாம் 25 நிமிடம் ஒதுக்கினால் 2.15-க்கு வண்டி புறப்பட்டாக வேண்டும். லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியிலிருந்து நான்கு பெட்டிகளை இறக்கி ஏற்றக் கால் மணி நேரம் பிடிக்கும். எனவே வாசலில் வண்டி நிற்க வேண்டிய நேரம் 2.00.

இதில் இன்னொரு நேரத்தையும் தனியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 3.30 என்பது வசதிக்கான நேரம். பெட்டி போடும் கவுண்டர் மூடுவதுதான் உண்மையான எல்லை. பல நிறுவனங்கள் விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது மூடிவிடுகின்றன, சில அதற்கும் முன்பே மூடுகின்றன. உங்கள் நேரம் டிக்கெட்டில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பத்துக்கு அது 5.30 என்று வைத்துக்கொண்டால், 2.15-க்கும் வண்டி வராவிட்டால் பதற வேண்டியதில்லை, ஆனால் அதற்கு மேல் காத்திருக்கவும் கூடாது. அந்த நிமிடமே வேறு வண்டி தேடத் தொடங்கிவிட வேண்டும். "இதோ அஞ்சு நிமிஷம்" என்ற பதிலை நம்பி 3.15 வரை நிற்பவர்கள்தான் விமானத்தைத் தவறவிடுகிறார்கள்.

எந்த நாள் ராத்திரி?

நேரத்தைவிட அதிகம் தவறுவது தேதி. வீட்டில் பேசும்போது "வியாழக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பறோம்" என்றுதான் சொல்வோம். பொழுது விடியும்வரை முந்தின நாள் என்பது நம் வழக்கம். பஞ்சாங்கமும் நாளைச் சூரிய உதயத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் டிராவல்ஸ் நோட்டிலும் ஆப்பிலும் நள்ளிரவு 12-க்கே தேதி மாறிவிடும். நீங்கள் சொன்னதைக் கேட்டவர் "வியாழன், 2.00" என்று எழுதினால் வண்டி ஒரு நாள் முன்னதாக வந்து நிற்கும். "வெள்ளி ராத்திரி 2.00" என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் கழித்து வரும்.

நள்ளிரவைத் தாண்டியதும் கிளம்பும் விமானங்களில் இது இன்னும் ஆபத்து. டிக்கெட்டில் 13-ம் தேதி 00.35 என்று இருந்தால், வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 12-ம் தேதி இரவுச் சாப்பாட்டு நேரத்தில். 13-ம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால், விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். அதனால் "ராத்திரி" என்ற சொல்லையே விட்டுவிட்டு, "13-ம் தேதி, வெள்ளிக்கிழமை, அதிகாலை 2.00. அதாவது வியாழக்கிழமை இரவு முடிந்து வெள்ளி விடிவதற்கு முன்" என்று முழுதாக எழுதி அனுப்புங்கள்.

டிக்கியில் என்ன இருக்கிறது?

"நாலு பேர், செடான் போதும்" என்று முடிவு செய்பவர்கள் டிக்கியை மறந்துவிடுகிறார்கள். கால் டாக்ஸியாக ஓடும் செடான்களில் பல இப்போது சிஎன்ஜியில் ஓடுகின்றன. அவற்றின் சிலிண்டர் டிக்கிக்குள்தான் இருக்கும். கதவைத் திறந்தால் குறுக்கே கிடக்கும் சிலிண்டருக்கு முன்னால் ஒரு பெரிய பெட்டியும் ஒன்றிரண்டு பைகளும் வைக்கும் அளவுக்கே இடம் மிஞ்சும். "டிக்கியில சிலிண்டர் இருக்கா?" என்று புக்கிங்கின்போதே கேட்டுவிடலாம்.

அப்படியானால் ஏழு பேர் வண்டி சொல்லிவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. எர்டிகா மாதிரியான வண்டியில் பின்வரிசை இருக்கை நிமிர்ந்திருக்கும்போது டிக்கியின் கொள்ளளவு ஏறக்குறைய 209 லிட்டர். சிலிண்டர் இல்லாத டிசையர் டிக்கியே 378 லிட்டர். ஏழு பேர் வண்டி என்பது ஏழு பேருக்கும் அவர்களுடைய பெட்டிகளுக்கும் சேர்த்து இடமுள்ள வண்டி அல்ல. பின்வரிசையை மடித்துவிட்டால் இடம் 550 லிட்டராகும். 28 அங்குலப் பெட்டி ஒன்று ஏறக்குறைய நூறு லிட்டர் இடத்தை அடைக்கும். நம் குடும்பத்தின் நான்கு பெரிய பெட்டிகளும் இரண்டு கைப்பெட்டிகளும் அதில் அடங்கிவிடும். டிரைவர் பக்கத்தில் ஒருவர், நடுவரிசையில் மூவர் என நால்வரும் உட்காரலாம். வழியனுப்ப இன்னும் இருவர் வருவதாக இருந்தால் அவர்களுக்குத் தனி வண்டி, இல்லாவிட்டால் மேலே கேரியர் உள்ள வண்டி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேரியர் என்றால் தார்ப்பாயும் கயிறும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"லக்கேஜ் கொஞ்சம் இருக்கு" என்று சொல்வதில் பயனில்லை. எடையைச் சொன்னாலும் டிரைவருக்குப் போதாது, அவருக்குத் தேவை அளவு. "28 அங்குலப் பெட்டி நாலு, கைப்பெட்டி ரெண்டு, ஆள் நாலு" என்றால் எந்த வண்டி அனுப்புவது என்று அவருக்குப் புரிந்துவிடும். சக்கர நாற்காலி, குழந்தை வண்டி, வீணை போல மடியாத பொருள் இருந்தால் அதைத் தனியே சொல்ல வேண்டும்.

இருட்டில் கண்டுபிடிக்கும் முகவரி

சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண்ணும் புதிய எண்ணும் உண்டு. காந்தி தெருவும் முதல் குறுக்குத் தெருவும் இல்லாத பேட்டை கிடையாது. அதனால் இரண்டு எண்களையும், தெருவோடு நகரின் பெயரையும் பின்கோடையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். வீட்டுக்குள் உட்கார்ந்து அனுப்பும்போது ஜிபிஎஸ் சற்று விலகி, புள்ளி பின்தெருவில் விழுந்துவிடுவது உண்டு. டிரைவர் சரியாகப் பின்தெருவுக்கு வந்து, உங்கள் வீட்டின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மாலையில் வாசல் கேட்டுக்கு வெளியே வந்து நின்று, புள்ளி அங்கே விழுகிறதா என்று மேப்பில் பார்த்த பிறகு அனுப்புங்கள். அலுவலகத்தில் இருந்துகொண்டு "இப்போதுள்ள இடத்தை" அனுப்பிவிடாதீர்கள்.

அடையாளம் சொல்லும்போது அது இரவில் தெரியுமா என்று யோசிக்க வேண்டும். "முருகன் ஸ்டோர்ஸ் எதிரில்" என்றால் அதிகாலையில் அது வரிசையாக இருக்கும் ஷட்டர்களில் ஒன்று, போர்டில் விளக்கு எரியாது. கோயில் வளைவு, பெட்ரோல் பங்க், ஏடிஎம், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் போன்றவை இருட்டிலும் தெரியும். பல நகர்களில் சங்கத்தார் இரவில் தெருமுனை கேட்டுகளைப் பூட்டி ஒன்றை மட்டும் திறந்து வைப்பார்கள். எது திறந்திருக்கும் என்று சொல்லுங்கள். தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியிருந்தால், பெரிய வண்டி வாசல்வரை வருமா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

இறங்கும் இடமும் முகவரிதான். சென்னையில் பன்னாட்டு விமானங்களுக்கு இரண்டாவது டெர்மினல், உள்நாட்டு விமானங்களுக்கு ஒன்றும் நான்கும். டிக்கெட்டில் உள்ளதைப் பார்த்து அதையும் எழுதிவிடுங்கள்.

முதல் நாள் இரவு

எல்லாவற்றையும் ஒரே செய்தியாக எழுதி அனுப்புவது நல்லது. ஆபீஸில் வாங்கியவர் அதை அப்படியே டிரைவருக்கு அனுப்பிவிடலாம். நம் குடும்பத்தின் செய்தி இப்படி இருக்கும்:

"13-ம் தேதி வெள்ளி, அதிகாலை 2.00 (வியாழன் இரவு முடிந்து). விமானம் காலை 6.30, சென்னை, டெர்மினல் 2. ஆள் 4, பெரிய பெட்டி 4, கைப்பெட்டி 2. பின்சீட் மடக்கிய வண்டி வேண்டும். பு.எண் 14, ப.எண் 6, 3-வது குறுக்குத் தெரு, கொளத்தூர், சென்னை 99. பிள்ளையார் கோயில் பக்க கேட் திறந்திருக்கும். லொகேஷன் கீழே. மொத்த வாடகை, நைட் சார்ஜ் சேர்த்து எவ்வளவு?"

"ஓகே சார்" என்று பதில் வந்தால் மட்டும் வண்டி உறுதியாகிவிட்டதாக ஆகாது. ஆப்பில் முன்கூட்டியே பதிவு செய்யும்போதும், பல நேரம் டிரைவரைத் தேடுவதே கிளம்பும் நேரத்தை ஒட்டித்தான் நடக்கும். இரவு ஒன்பது மணிக்குள் டிரைவர் பெயர், போன் எண், வண்டி எண் மூன்றும் கைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் இன்னொரு இடத்தில் அப்போதே சொல்லி வையுங்கள். பெயர் வந்ததும் டிரைவரிடமே பேசி, வண்டி எங்கிருந்து வருகிறது, அதற்கு முன் வேறு டிரிப் இருக்கிறதா என்று கேளுங்கள். பகலெல்லாம் ஓட்டிவிட்டுத் தூங்காமல் வருபவர் என்றால், தூங்கி எழுந்து வரும் வேறு டிரைவரைக் கேட்டு வாங்குவதில் தவறில்லை. காலியான ஜிஎஸ்டி சாலையில் வண்டிகள் வேகமாகப் போகும் நேரம் அது.

கடைசி மாலையில்தான் அடுத்த வீட்டு அத்தை ஊறுகாய் அட்டைப்பெட்டியோடு வந்து, "இதையும் எம் பொண்ணுகிட்ட குடுத்துடும்மா" என்பார். அதை விமானத்தில் ஏற்ற எடை பார்ப்பதோடு, காரில் ஏற்ற இடமும் பார்க்க வேண்டும். வாங்கிக்கொள்வதென்றால் உடனே டிரைவருக்கு ஒரு போன் போட்டு, "பெட்டி நாலு இல்லை, அஞ்சு" என்று சொல்லிவிடுங்கள். இரவு எட்டு மணிக்குச் சொன்னால் அவர் கேரியரோ பெரிய வண்டியோ பார்த்துக்கொள்வார். அதிகாலை இரண்டு மணிக்கு வாசலில் வைத்துச் சொன்னால் அவரால் எதுவும் செய்ய முடியாது.