2.30-உம் 1.77-உம் சேர்ந்து 2.07 ஆகும் கணக்கு

230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம் வருகிறது. அதில் இரண்டு கிளைகளைப் பக்க இணைப்பில் இணைக்கிறோம். முதல் கிளையில் ஒரு மின்தடையும் செம்புக் கம்பிச் சுருள் ஒன்றும் வரிசையாக இருக்கின்றன. இரண்டாவது கிளையில் ஒரு மின்தடையும் ஒரு கண்டன்சரும் வரிசையாக இருக்கின்றன. கிளைக்கு ஒரு அம்மீட்டர், இரண்டுக்கும் பொதுவான வரவுக் கம்பியில் ஒரு அம்மீட்டர் என மூன்றை வைத்துப் பார்க்கிறோம். முதல் கிளையில் 2.30 ஆம்பியர், இரண்டாவதில் 1.77 ஆம்பியர். வரவுக் கம்பியில் 4.07 வர வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அங்கே முள் நிற்பது 2.07-இல்.

கிளைகள் இரண்டுக்கும் மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பியில், ஒரு கிளையில் ஓடுவதைவிடக் குறைவாக ஓடுகிறது. இன்னொரு விந்தையும் உண்டு. கண்டன்சர் கிளையைக் கழற்றிவிட்டால் வரவுக் கம்பியின் மின்னோட்டம் குறையாது, 2.30-க்கு ஏறும். சுமையைக் குறைத்தோம், ஓட்டம் கூடிவிட்டது. மூன்று அம்மீட்டர்களும் சரியாகத்தான் காட்டுகின்றன. சந்திக்கு வரும் மின்னோட்டமும் அங்கிருந்து பிரியும் மின்னோட்டமும் சமம் என்ற கிர்க்காஃப் விதியும் மீறப்படவில்லை. அம்மீட்டர் சொல்லாமல் விட்ட ஒரு செய்தியில்தான் விடை இருக்கிறது.

மாறுதிசை மின்னழுத்தம் வினாடிக்கு 50 முறை ஏறி, இறங்கி, எதிர்ப்பக்கம் போய்த் திரும்புகிறது. வெறும் மின்தடையாக இருந்தால் மின்னோட்டமும் அதே கணத்தில் ஏறி அதே கணத்தில் இறங்கும். சுருள் அப்படியில்லை. ஓட்டத்தில் வரும் எந்த மாற்றத்தையும் அது எதிர்க்கும். அதனால் அதன் கிளையில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி உச்சத்தை அடைகிறது. கண்டன்சர் நேர்மாறானது. அதில் மின்னூட்டம் சேர்ந்த பிறகுதான் அதன் மின்னழுத்தம் உயரும். மின்னூட்டம் சேர வேண்டுமானால் முதலில் மின்னோட்டம் பாய வேண்டும். ஆகவே அதன் கிளையில் மின்னோட்டம் முந்துகிறது.

மின்னழுத்தம் சுழியைக் கடந்து மேலே ஏறத் தொடங்கும் ஒரு கணத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பின்தங்கிய சுருள் கிளையில் பழைய திசை ஓட்டம் இன்னும் முடியவில்லை, அங்கே 2.60 ஆம்பியர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது. முந்திய கண்டன்சர் கிளையிலோ புதிய திசையில் 2.31 ஆம்பியர் ஏற்கெனவே ஓடுகிறது. ஒரு கிளையிலிருந்து வெளியேறுவது மற்றக் கிளைக்குள் நுழைந்துவிடுகிறது. எஞ்சிய 0.29 ஆம்பியரை மட்டுமே வரவுக் கம்பி சுமக்கிறது. கிர்க்காஃப் விதி ஒவ்வொரு கணத்திலும் இப்படித் துல்லியமாகப் பொருந்துகிறது. அம்மீட்டரோ ஏற்ற இறக்கம் முழுவதையும் ஒரே எண்ணாகச் சுருக்கிப் பயனுறு மதிப்பைக் காட்டுகிறது. அந்தச் சுருக்கத்தில் எந்த ஓட்டம் முந்தியது, எது பிந்தியது என்பது தொலைந்துபோகிறது.

தொலைந்ததை மீட்க ஒவ்வொரு மின்னோட்டத்தையும் ஒரு அம்பாக வரைகிறார்கள். அம்பின் நீளம் ஆம்பியரைச் சொல்லும். அம்பு சாய்ந்திருக்கும் கோணம் முந்தல் பிந்தலைச் சொல்லும். இதற்குக் கட்ட வெக்டர் என்று பெயர். வகுப்பறைகளில் ஃபேசர் என்றும் சொல்வார்கள். இத்தகைய அம்புகளைக் கலப்பெண்களாக எழுதி, சாதாரணக் கூட்டல் கழித்தலாலேயே மாறுதிசைச் சுற்றுகளைத் தீர்க்கும் முறையை, 1893-இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாட்டில் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ் முன்வைத்தார். அலைகளைக் கணத்துக்குக் கணம் கூட்டிக்கொண்டிருந்த பொறியாளர்களின் வேலையை அது ஒரு தாளில் முடித்துத் தந்தது.

இனி நம் கணக்கு. சுருள் கிளையின் மின்தடை 60 ஓம். சுருளின் செம்புக் கம்பிக்கே உள்ள மின்தடையும் இந்த 60-க்குள் அடக்கம். அதைச் சேர்க்க மறந்தால் தாளில் வரும் விடையும் மீட்டர் காட்டுவதும் ஒத்துப்போகாது. சுருளின் தூண்டல் 0.255 ஹென்றி. 50 ஹெர்ட்ஸில் அது தரும் மின்மறுப்பு 80 ஓம். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதால் 60-ஐயும் 80-ஐயும் பிதாகரஸ் முறையில் சேர்க்க வேண்டும். 100 ஓம் கிடைக்கும். 230-ஐ 100-ஆல் வகுத்தால் 2.30 ஆம்பியர். கோணம் 53 பாகை, பின்தங்கல்.

கண்டன்சர் கிளையின் மின்தடை 50 ஓம். கண்டன்சர் 26.5 மைக்ரோஃபாரட், 50 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு 120 ஓம். சேர்த்தால் 130 ஓம். மின்னோட்டம் 1.77 ஆம்பியர். கோணம் 67 பாகை, முந்தல்.

பக்க இணைப்பில் இரண்டு கிளைகளுக்கும் பொதுவானது மின்னழுத்தம். ஆகவே அதையே அடிப்படையாக வைத்து வலப்பக்கம் நோக்கிக் கிடையாக வரைகிறோம். பின்தங்கும் மின்னோட்டம் கீழ்நோக்கிச் சாயும், முந்துவது மேல்நோக்கிச் சாயும். இரண்டையும் கூட்ட, ஒவ்வொரு அம்பையும் கிடைப்பகுதி, குத்துப்பகுதி என்று பிரிக்க வேண்டும்.

சுருள் கிளையில் கிடைப்பகுதி 2.30-ஐ 0.6-ஆல் பெருக்க 1.38, குத்துப்பகுதி 2.30-ஐ 0.8-ஆல் பெருக்க 1.84, கீழ்நோக்கி. கண்டன்சர் கிளையில் கிடைப்பகுதி 1.77-இல் 130-க்கு 50 பங்கு, அதாவது 0.68, குத்துப்பகுதி 130-க்கு 120 பங்கு, அதாவது 1.63, மேல்நோக்கி. கிடைப்பகுதிகள் ஒரே திசையில் இருப்பதால் அப்படியே கூடி 2.06 ஆகின்றன. குத்துப்பகுதிகள் எதிரெதிரானவை; ஒன்றையொன்று கழித்துக்கொண்டு கீழ்நோக்கி 0.21 மட்டும் எஞ்சுகிறது. 2.06-ஐயும் 0.21-ஐயும் மறுபடி பிதாகரஸ் முறையில் சேர்த்தால் 2.07 ஆம்பியர். மூன்றாவது மீட்டர் காட்டியது இதைத்தான். மொத்த மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு ஏறக்குறைய 6 பாகை பின்தங்குகிறது.

விடை சரியா என்று பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று பிடிக்காத பிழையை மற்றது பிடிக்கும். முதலாவது, திறன். மின்சாரத்தை வெப்பமாக்கிச் செலவழிப்பவை மின்தடைகள் மட்டுமே. 2.30-ஐ வர்க்கப்படுத்தி 60-ஆல் பெருக்கினால் 317 வாட், 1.77-ஐ வர்க்கப்படுத்தி 50-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 157 வாட்; மொத்தம் 474. வரவுப் பக்கத்தில் 230-ஐ 2.06-ஆல் பெருக்கினாலும் அதே 474 வருகிறது. சைனும் கொசைனும் இடம் மாறியிருந்தால் இந்தப் பொருத்தம் உடைந்துவிடும்.

ஆனால் மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை வேறு: முந்தல், பிந்தல் குறியைத் தவறாகப் போடுவது. இதற்குக் காரணமும் உண்டு. மின்னெதிர்ப்பு முக்கோணத்தில் சுருளின் மின்மறுப்பை மேல்நோக்கி வரைகிறோம். மின்னோட்டப் படத்தில் அதே சுருளின் ஓட்டம் கீழ்நோக்கிப் போகிறது. இரண்டு படங்களும் மனத்தில் குழம்பினால், இரு குத்துப்பகுதிகளையும் கீழ்நோக்கி வைத்துக் கூட்டிவிடுவார்கள். அப்போது மொத்தம் 4.04 ஆம்பியர், 59 பாகை பின்தங்கல் என்று வரும். திறன் சோதனையில் இது சிக்காது, ஏனென்றால் கிடைப்பகுதி மாறவில்லை. இரண்டாவது சோதனை இதைப் பிடிக்கும்: மொத்தத்தின் அம்பு இரு கிளை அம்புகளுக்கும் நடுவில்தான் விழ வேண்டும். 53 பாகை பின்தங்கலுக்கும் 67 பாகை முந்தலுக்கும் இடையில் 59 பாகை பின்தங்கல் இல்லை.

கண்டன்சர் கிளையைக் கழற்றினால் ஓட்டம் ஏன் கூடியது என்பதும் இப்போது தெளிவு. மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருந்த 1.63 போய்விட்டது, கீழ்நோக்கிய 1.84-ஐச் சமன்செய்ய எதுவும் இல்லாததால், அதை வரவுக் கம்பியே சுமக்க வேண்டியதாகிறது. செலவாகும் திறன் 474 வாட்டிலிருந்து 317-க்கு இறங்குகிறது; ஓட்டமோ 2.07-லிருந்து 2.30-க்கு ஏறுகிறது. வரவுக் கம்பியின் ஆம்பியரைப் பார்த்தே கிளைகளுக்குக் கம்பி தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இந்தக் கணக்கு ஒரே அதிர்வெண்ணில், தூய சைன் அலைக்கு மட்டும் செல்லும். இதே பொருள்களை 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் இணைத்தால் சுருளின் மின்மறுப்பு 96 ஓமாக ஏறும், கண்டன்சருடையது 100 ஓமாக இறங்கும். மொத்த மின்னோட்டம் பின்தங்குவதை விட்டுவிட்டுச் சுமார் 3 பாகை முந்தத் தொடங்கும். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரில் பல அதிர்வெண்கள் கலந்திருப்பதால், அங்கே ஒரே ஒரு அம்புப் படம் போதாது.

வீட்டுக் கூரையில் சுற்றும் மின்விசிறிக்குள் இதே இரு கிளைகள்தான் இருக்கின்றன. ரன்னிங் வைண்டிங் நேராக மின்சாரத்தோடு இணைகிறது. அது மின்தடையும் தூண்டலும் கொண்ட கிளை. ஸ்டார்ட்டிங் வைண்டிங் ஒரு கண்டன்சர் வழியாக இணைகிறது. அந்த வைண்டிங்கும் சுருள்தான் என்றாலும், பரவலாகப் போடப்படும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் 50 ஹெர்ட்ஸில் சுமார் 1,270 ஓம் மின்மறுப்பைத் தருகிறது. அது சுருளின் விளைவை விஞ்சிவிடுவதால் அந்தக் கிளையின் ஓட்டம் முந்துகிறது. இங்கே கண்டன்சரை வைப்பது வரவுக் கம்பியின் ஓட்டத்தைக் குறைப்பதற்காக அன்று. இரு வைண்டிங்குகளின் ஓட்டங்களுக்கும் இடையில் 90 பாகையை ஒட்டிய இடைவெளியை உண்டாக்கினால்தான் காந்தப்புலம் சுழலும். அந்தச் சுழற்சியே இறக்கைகளை முதலில் நகர்த்துகிறது.

கண்டன்சர் அறுந்துபோனால் ஒரு கிளை மட்டும் எஞ்சும். காந்தப்புலம் சுழலாமல் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் துடிக்கும். விசிறி உறுமும், நகராது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒரு குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டு உடனே மீண்டும் போட்டால் தள்ளிய பக்கமே சுற்றத் தொடங்கும். கண்டன்சர் முழுவதும் போகாமல் அதன் கொள்ளளவு மட்டும் தேய்ந்திருந்தால், அந்தக் கிளையின் அம்பு குட்டையாகி விசிறி மெதுவாகச் சுற்றும். இதைக் கண்டுபிடிக்க வரவுக் கம்பியில் மட்டும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பயனில்லை. அங்கே தெரிவது இரு அம்புகளின் கூட்டுத்தொகை மட்டுமே. ஒவ்வொரு வைண்டிங்கின் கம்பியிலும் தனித்தனியாக அளந்து பார்த்தால்தான் எந்தக் கிளை தளர்ந்தது என்பது தெரியும்.