கடைசிப் பக்கத்து ஷரத்துகள்

முதன்முதலாகத் தொழில் தொடங்குகிறவர் கைக்கு ஓர் அக்ரிமென்ட் வந்தால், விலை என்ன, எவ்வளவு சரக்கு, பணம் எப்போது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார். கடைசிப் பக்கத்தில் ‘பொது’ என்ற தலைப்பின் கீழ் வரிசையாக நிற்கும் ஷரத்துகளை யாரும் படிப்பதில்லை. ஒரு ஒப்பந்தத்திலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே எடுத்து ஒட்டப்படும் இவற்றை வக்கீல்கள் ‘பாய்லர்பிளேட்’ என்பார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை இவற்றுக்கு வேலை கிடையாது. ஏதாவது பிசகினால் வழக்கு போய் நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். விருதுநகரில் இனிப்பு, காரம் செய்து விற்கும் ஒரு பெண்மணி, சிவகாசி அச்சகம் ஒன்றோடு அட்டைப்பெட்டிக்காக ஒரு வருட ஒப்பந்தம் போடுகிறார். பெட்டி ஒன்றுக்கு 9 ரூபாய், ஒரு லாட் 20,000 பெட்டி. குறித்த தேதிக்குள் சரக்கு வந்தாக வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் லாட் மதிப்பில் ஒரு சதவீதம், அதாவது 1,800 ரூபாய், பில்லில் கழிக்கப்படும்.

மே மாதம் சரக்கு இரண்டு நாள் தாமதம். “கரன்ட் கட்டும்மா, மெஷின் ஓடல” என்கிறார் அச்சகக்காரர். “பரவாயில்ல அண்ணாச்சி” என்று முழுப் பில்லையும் கொடுத்துவிடுகிறார் இவர். ஜூலையிலும் அதே கதை. தீபாவளி லாட் ஆறு நாள் கழித்து வந்து சேர்கிறது. வந்திருந்த ஆர்டர்களில் பாதி கைவிட்டுப் போய்விட்டன. இந்த முறை 10,800 ரூபாயைக் கழித்ததும் அச்சகக்காரர் கேட்கிறார்: “இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ லேட்டாச்சே, அப்பல்லாம் ஒண்ணும் சொல்லலையே?”

இந்தக் கேள்விக்கு ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்த பதில்தான் ‘வெய்வர்’ ஷரத்து. ஒரு முறை உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டதாலோ தாமதமாகப் பயன்படுத்தியதாலோ அந்த உரிமை போய்விடாது. விட்டுக்கொடுத்தால் எழுத்தில்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அதுவும் அந்த ஒரு சம்பவத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதே அதன் சாரம். மூன்று ஷரத்துகளில் சிறுதொழில்காரர் நிதானமாகப் படிக்க வேண்டியது இதைத்தான் என்பேன். நம் ஊரில் வியாபாரம் முகம் பார்த்து நடக்கிறது. முகத்துக்காக விட்டுக்கொடுத்தது பிறகு உரிமையையே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது.

ஆனால் ஷரத்து இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட முடியாது. 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு இதில் கறாரானது. குறித்த நேரமே முக்கியம் என்று போட்ட ஒப்பந்தத்தில் சரக்கு தாமதமாக வருகிறது. வாங்குபவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். செய்யாமல் சரக்கைப் பெற்றுக்கொண்டால், பெற்றுக்கொள்ளும் அந்த நேரத்திலேயே இழப்பீடு கேட்கப்போவதாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் தாமதத்துக்காகப் பிறகு இழப்பீடு கோர முடியாது. தீபாவளிப் பெட்டிக்கு நேரம்தான் உயிர் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆகவே லாரியிலிருந்து கட்டுகள் இறங்கும்போதே, டெலிவரி சலானில் கையெழுத்துக்கு மேல், ‘ஆறு நாள் தாமதமாகப் பெறப்பட்டது, இழப்பீடு கோருவேன்’ என்று எழுதி, அதைப் படம் பிடித்து அச்சகத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஆபத்து வாட்ஸ்அப்பில் இருக்கிறது. 63-ஆவது பிரிவின்படி, தனக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுக்கவோ அவகாசம் தரவோ பதிலுக்கு எதையும் பெற வேண்டியதில்லை, சொன்னாலே போதும். எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஷரத்து கேட்டாலும், வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான் என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. ‘ரெண்டு நாள் கழிச்சு அனுப்புங்க அண்ணாச்சி’ என்று மட்டும் தட்டினால் கெடுதேதியையே தள்ளிவைத்ததாக ஆகலாம். ‘இந்த ஒரு லாட்டுக்கு மட்டும், தாமதக் கழிவு வழக்கம்போல் உண்டு’ என்று கூட ஒரு வரி சேர்த்தால் உறவும் கெடாது, உரிமையும் போகாது. இரண்டு தடவை விட்டதை ஷரத்து தாங்கும். வருடம் முழுக்க விட்டுக்கொண்டே இருந்தால், நடைமுறையில் அந்த ஷரத்தையே இருவரும் கைவிட்டுவிட்டதாக நீதிமன்றம் கருதக்கூடும்.

அடுத்தது ‘செவரபிலிட்டி’. ஒப்பந்தத்தின் ஏதாவது ஒரு பகுதி சட்டப்படி செல்லாது என்றானால், அதை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் காப்பாற்றச் சொல்லும் ஷரத்து. 2006-இல் ஷின் சாட்டிலைட், ஜெயின் ஸ்டூடியோஸ் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் செய்தது. மத்தியஸ்தர் சொல்வதே முடிவு, அதை எதிர்த்து எங்கும் போகும் உரிமையை இருவரும் விட்டுவிடுகிறோம் என்று மத்தியஸ்த ஷரத்தில் எழுதியிருந்தது. அந்த வரி செல்லாது, எனவே மத்தியஸ்தமே செல்லாது என்று ஒரு தரப்பு வாதிட்டது. ஒப்பந்தத்தில் செவரபிலிட்டி ஷரத்து இருந்ததைச் சுட்டிக்காட்டிய நீதிமன்றம், தவறான வரியை மட்டும் நீக்கி மத்தியஸ்தத்தை நிலைக்க வைத்தது.

நம் பெட்டி ஒப்பந்தத்துக்கு வருவோம். ‘ஒப்பந்தம் முடிந்த பிறகும் மூன்று வருடம் வேறு அச்சகத்தில் பெட்டி அடிக்கக் கூடாது’ என்று அச்சகக்காரர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அதற்குப் பதிலாகத்தான் 10 ரூபாய்ப் பெட்டியை 9 ரூபாய்க்குத் தர ஒப்புக்கொண்டார். ஒப்பந்தக் காலத்துக்குள் ஒருவரிடமே வாங்குவது என்ற கட்டுப்பாட்டை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கும். காலம் முடிந்த பிறகும் கட்டிப்போடுவதுதான் சிக்கல். தொழில் செய்யும் சுதந்திரத்தைத் தடுக்கும் உடன்பாடு 27-ஆவது பிரிவின்படி செல்லாது. மூன்று வருடம் அதிகம், ஒரு வருடமாகக் குறைப்போம் என்று நீதிமன்றம் திருத்தி எழுதித் தரும் என எதிர்பார்க்க முடியாது. அந்த நிபந்தனை விழுகிறது. ஆனால் செவரபிலிட்டி ஷரத்தால் 9 ரூபாய் விலை நிற்கிறது. அச்சகக்காரருக்கு ஒரு பக்கம் மட்டும் நஷ்டம்.

இந்த ஷரத்தைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: எது போனால் எதுவும் கூடவே போக வேண்டும்? நீங்கள் அச்சகக்காரர் இடத்தில் இருந்தால், ‘இந்த நிபந்தனை செல்லாது என்றானால் தள்ளுபடியும் அன்றோடு நின்றுவிடும்’ என்று தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, ஒப்பந்தத்தின் உயிரான பகுதியே சட்டவிரோதமாக இருந்தால் எந்த செவரபிலிட்டி ஷரத்தும் காப்பாற்றாது.

‘கவுண்டர்பார்ட்ஸ்’ எளிமையானது. இருவரும் ஒரே தாளில் கையெழுத்திட வேண்டியதில்லை. தனித்தனிப் பிரதிகளில் போட்டாலும் எல்லாம் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் என்கிறது. விருதுநகரில் ஒருவர், சிவகாசியில் ஒருவர், பங்குதாரர் சென்னையில் என்றால் இது உதவும். இது இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் செத்துவிடாது. நிரூபிப்பதுதான் கொஞ்சம் கடினம். எல்லாப் பிரதிகளும் முறையான முத்திரைத் தீர்வையோடு இருக்க வேண்டும். 1899-ஆம் வருடத்து முத்திரைச் சட்டத்தின்படி, தீர்வை கட்டாத ஆவணத்தை, தீர்வையும் அபராதமும் செலுத்தும்வரை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது.

இங்கே தகராறு வருவது கடைசித் தாளை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பும் பழக்கத்தால். அச்சகக்காரர் போன வாரத்து டிராஃப்ட்டில் கையெழுத்திட்டிருப்பார். அதில் பெட்டி 9 ரூபாய் 50 காசு. இவர் போட்டது திருத்திய பிரதியில். இரண்டு கடைசித் தாள்களும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதியும் திருத்த எண்ணும் அச்சாகியிருக்கட்டும். எல்லாப் பக்கத்திலும் இருவரும் சுருக்கொப்பம் வைத்து, விலைப்பட்டியல் இணைப்போடு முழுப் பிரதியையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக அனுப்பிக்கொள்ளட்டும். எதிர்த்தரப்பின் முழுப் பிரதி வந்து, விலைப் பக்கத்தைத் தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை முன்பணத்தை அனுப்பாமல் இருப்பது நல்லது.