பாக்ஸ் ஓடுது, பணம் வரலை: கேபிள் சந்தா கணக்கில் காசு எங்கே ஒழுகுகிறது? கண்டுபிடிப்பது எப்படி?

திருவள்ளூரில் இருந்து திருத்தணி போகும் வழியில் இருக்கிறது கனகம்மாசத்திரம். இங்கே தமிழ் சேனலும் ஓடும், ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் தெலுங்கு சேனலும் ஓடும். இப்படி ஒரு ஊரில் 640 இணைப்பு வைத்திருக்கும் ஒரு கேபிள் ஆபரேட்டரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். இணைப்பு குறையவில்லை, வசூலுக்குப் பையன் மாசாமாசம் வீடு வீடாகப் போகிறான். ஆனாலும் மாசக் கடைசியில் கையில் நிற்க வேண்டிய பணம் நிற்பதில்லை. யாரும் திருடவும் இல்லை. அப்போ பணம் எங்கே போகுது?

இதைத்தான் கணக்குத் துறையில் 'வருவாய் கசிவு' என்கிறார்கள். செல்போன் நிறுவனம், ஓடிடி, இன்டர்நெட், ஜிம் என்று மாதச் சந்தா வாங்கும் எந்தத் தொழிலிலும் இது உண்டு. கேபிள் டிவியில் வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும்.

ஒரே வீடு, இரண்டு கணக்கு

அனலாக் காலத்தில் தெருவில் ஒரு ஒயர் போகும், அதில் எத்தனை டிவி ஓடுகிறது என்று ஆபரேட்டருக்கு மட்டும்தான் தெரியும். 200 வீட்டுக்குக் கொடுத்துவிட்டு 60 என்று கணக்குச் சொன்னாலும் மேலே இருப்பவர்களால் சரிபார்க்க முடியாது. இதைச் சரிக்கட்டத்தான் 2011-ல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு, செட்டாப் பாக்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. கிராமப்புறங்களுக்குக் கடைசிக் கெடு 2017 மார்ச் 31.

பாக்ஸ் வந்த பிறகு கணக்கு இரண்டு இடத்தில் பதிவாகிறது. எந்த பாக்ஸுக்கு எந்த சேனல் திறக்க வேண்டும் என்று முடிவு செய்யும் பூட்டு மாதிரியான அமைப்பு ஒன்று. அதற்கு சி.ஏ.எஸ். என்று பெயர். வாடிக்கையாளர் பெயர், முகவரி, பேக்கேஜ், பில் எல்லாம் இருக்கும் அமைப்பு எஸ்.எம்.எஸ். (செல்போனில் வரும் எஸ்.எம்.எஸ். இல்லை, சந்தாதாரர் மேலாண்மை அமைப்பு.) இரண்டும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், பாக்ஸை ஆன் செய்வதும் ஆஃப் செய்வதும் எஸ்.எம்.எஸ். வழியாகத்தான் நடக்க வேண்டும் என்பது டிராய் 2017-ல் கொண்டுவந்த விதி. ஆன், ஆஃப் செய்த பதிவுகளை இரண்டு வருடத்துக்காவது வைத்திருக்கவும் வேண்டும்.

இந்த இரண்டும் எம்.எஸ்.ஓ. எனப்படும் பெரிய நிறுவனத்திடம் இருக்கும். ஊர் ஆபரேட்டர் அவர்களிடம் சிக்னல் வாங்கி வீடுகளுக்குக் கொடுப்பவர். மூன்றாவதாக ஒரு கணக்கு இவரிடம் இருக்கிறது. அதுதான் வசூல் நோட்டு. பெரிய நிறுவனத்துக்கு டிராய் விதிப்படி ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை உண்டு. வசூல் நோட்டை யாரும் தணிக்கை செய்வதில்லை. காசு அதிகம் ஒழுகுவது அங்கேதான்.

எண்ணிக்கையை நம்பாதீங்க

நம்ம உதாரணத்துக்கு வருவோம். எம்.எஸ்.ஓ.வின் ஆபரேட்டர் பக்கத்தில் இருந்து ஆக்டிவ் பாக்ஸ் பட்டியலை டவுன்லோடு செய்கிறார். 638 பாக்ஸ் ஓடுகிறது. வசூல் நோட்டில் 601 பேர். வித்தியாசம் 37.

பலர் இங்கேயே நிறுத்திவிட்டு, '37 பேர் ஏமாத்துறாங்க' என்று கிளம்பிவிடுவார்கள். அது தப்பு. கழித்துப் பார்ப்பது தணிக்கை இல்லை. ஒவ்வொரு பாக்ஸ் எண்ணையும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பொருத்திப் பார்க்க வேண்டும்.

பொருத்திப் பார்த்தால் கதையே மாறுகிறது. ஓடும் பாக்ஸில் 52 நோட்டில் இல்லை. நோட்டில் இருக்கும் 15 எண், ஓடும் பட்டியலில் இல்லை. 52-ல் 15 போனால் அதே 37 தான். அந்தப் பதினைந்தும் என்ன? இடி மின்னலில் பழைய பாக்ஸ் கருகிப்போய் புதுசு மாற்றிக் கொடுத்த வீடுகள். நோட்டில் பழைய எண்ணே இருக்கிறது. அவர்கள் ஒழுங்காகப் பணம் கட்டுகிறார்கள். 52 பாக்ஸையும் ஒரே சாயங்காலத்தில் கட் பண்ணியிருந்தால், சீரியல் நேரத்தில் 15 நல்ல வாடிக்கையாளர்களின் டிவி கறுத்திருக்கும். அடுத்த நாள் அவர்கள் டிஷ் வாங்கப் போயிருப்பார்கள்.

எக்செல்லில் பொருத்தும்போது ஒரு பொறி இருக்கிறது, கவனம். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க பாக்ஸ் எண்ணை அப்படியே ஒட்டினால் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும். அதனால் ஒட்டும் முன்பே அந்த வரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும். அப்படி மாற்றினாலும் COUNTIF போட்டால் முதல் 15 இலக்கம் ஒன்றாக இருக்கும் இரண்டு வேறு பாக்ஸை ஒன்று என்று சொல்லிவிடும். ஒரே பெட்டியில் வந்த பாக்ஸ்களின் எண்கள் கடைசி இலக்கத்தில்தான் வேறுபடும் என்பதால் இது நிஜமாகவே நடக்கும். A வரிசையில் ஓடும் பாக்ஸ், B வரிசையில் நோட்டு எண் என்றால் இதைப் போடுங்கள்:

```
=ISNUMBER(MATCH(A2,B:B,0))
```

FALSE என்று வருவதுதான் நோட்டில் இல்லாத பாக்ஸ். இரண்டு பட்டியலும் ஒரே தேதியுடையதாக இருப்பதும் முக்கியம். 28-ம் தேதி எடுத்த பாக்ஸ் பட்டியலை 5-ம் தேதி நோட்டோடு ஒப்பிட்டால், நடுவில் வந்தவர்களும் போனவர்களும் கசிவு மாதிரி தெரிவார்கள்.

மிச்சம் 37 யார்?

பதினைந்தை ஒதுக்கியாச்சு. மீதி 37 பாக்ஸ் இருக்கும் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கம்ப்யூட்டரில் தெரியாது. நம் கணக்கில் அது இப்படிப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 14 பாக்ஸ், பணம் கட்டும் வீட்டிலேயே மாடியில் ஓடும் இரண்டாவது டிவி. 8 பாக்ஸ், ஆடிக் கிருத்திகை கூட்ட நேரத்தில் அவசரமாகக் கொடுத்த புது இணைப்பு. ஆக்டிவேட் செய்தவர் நோட்டில் ஏற்றவே இல்லை. 9 பாக்ஸ் பூட்டிய வீடு. குடும்பம் சென்னைக்கோ ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலைக்கோ போயாச்சு, பாக்ஸ் மட்டும் மாசாமாசம் தானாக ரினியூ ஆகிட்டே இருக்கு. கடைசி 6 பாக்ஸ் தெரிந்தே இலவசமாகக் கொடுத்தது: கோயில், டீக்கடை, சொந்தக்காரர் வீடு.

இந்த நாலும் ஒரே மாதிரி நஷ்டம் இல்லை என்பதைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். ஆபரேட்டர் எம்.எஸ்.ஓ.வுக்கு ஒரு பாக்ஸுக்கு 100 ரூபாய் கட்டி, வீட்டில் 200 ரூபாய் வாங்குகிறார், இரண்டாவது டிவிக்கு 100 ரூபாய் என்று வைப்போம். புது இணைப்பு எட்டுக்கும் வர வேண்டியது 1,600. இரண்டாவது டிவிக்கு 1,400. ஆனால் பூட்டிய வீட்டில் 200 ரூபாய் எப்போதுமே வராது, யாரும் பார்க்கவில்லையே. அங்கே மிச்சமாவது எம்.எஸ்.ஓ.வுக்குச் சும்மா கட்டும் 900 மட்டும்தான். ஆக மாசம் 3,900 ரூபாய், வருஷத்துக்கு 46,800. 37-ஐ 200-ஆல் பெருக்கி 7,400 என்று சொல்லும் தணிக்கை, கிடைக்காத பணத்தைக் காட்டி ஏமாற்றுகிறது.

முடிவு தேதி இல்லாத தள்ளுபடி

இதுவரை பார்த்தது பில்லே போடாத இணைப்பு. பில் போட்டும் குறைவாக வாங்குவது இன்னொரு வகை. இது எண்ணிக்கையில் தெரியவே தெரியாது.

பிடிக்க வழி ரொம்ப எளிது. வாடிக்கையாளர் பெயரை மறந்துவிட்டு, வசூலான தொகையை மட்டும் வரிசைப்படுத்துங்கள். 200, 200, 200 என்று போய்க்கொண்டே இருக்கும்போது நடுவில் 150 என்று ஒரு கொத்து வரும். நம் உதாரணத்தில் 23 வீடு. விசாரித்தால், 2020 ஊரடங்கில் வேலை இல்லாதவர்களுக்கு 50 ரூபாய் குறைத்தது. நல்ல மனசோடு செய்ததுதான். ஊரடங்கு முடிந்தது, தள்ளுபடி முடியவில்லை. நோட்டில் 'முடிவு தேதி' என்று ஒரு கட்டமே இல்லாததுதான் காரணம். 23 வீடு, 50 ரூபாய், 2020 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை 60 மாதம்: 69,000 ரூபாய்.

உகாதிக்கு ஒரு மாசம் இலவசம் என்று திறந்துவிட்ட தெலுங்கு பேக்கும் இதே ரகம். வீட்டில் 200 ரூபாய் சரியாக வருவதால் வசூல் பக்கம் எதுவும் தெரியாது. எம்.எஸ்.ஓ. கழிக்கும் தொகையைப் பாக்ஸ் வாரியாகப் பார்த்தால்தான், சிலருக்கு மட்டும் 100-க்கு மேல் போவது தெரியும். 'பத்து மாசம் கட்டினால் பன்னிரண்டு மாசம்' ஆஃபரும் அப்படியே. ஆண்டு முடிந்தும் நோட்டில் 'கட்டியாச்சு' என்ற டிக் அழியாமல் நிற்கும்.

சாஃப்ட்வேரில் பில் போடுபவர்களுக்கு இது நேராது என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுக்கப் பயன்படும் ஸ்ட்ரைப் பில்லிங் அமைப்பில் கூப்பனுக்கு இரண்டு தனித்தனி அமைப்புகள் உண்டு. `redeem_by` என்பது எந்தத் தேதிக்குள் கூப்பனை எடுத்துக்கொள்ளலாம் என்பது. `duration` என்பது எடுத்தவருக்குத் தள்ளுபடி எவ்வளவு காலம் ஓடும் என்பது. இதில் `forever` என்று போட்டுவிட்டு, 'கூப்பன்தான் டிசம்பரோடு காலாவதி ஆயிடுச்சே' என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. டிசம்பரில் மூடியது புது ஆட்களுக்கான கதவு மட்டும். உள்ளே வந்தவர்களுக்குத் தள்ளுபடி ஓடிக்கொண்டே இருக்கும். கூப்பனை டெலீட் செய்தாலும் ஏற்கெனவே பெற்றவர்களுக்கு அது நிற்காது. அதனால் கூப்பன் பட்டியலைப் பார்த்துப் பயனில்லை. இந்த மாதப் பில்களில் எதிலெல்லாம் தள்ளுபடி கழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பழைய பாக்கியைக் கேட்கலாமா?

69,000 ரூபாயைப் போய் 23 வீட்டில் கேட்டால் என்ன ஆகும்? வீட்டுக்கு 3,000 ரூபாய். கேட்ட பில்லைக் கேட்டபடி கட்டியவர்கள் அவர்கள். தவறு பில் போட்டவருடையது. நியாயமாகவும் சரி, தொழிலுக்கும் சரி, அது போன பணம்தான். மாடி டிவி வீடுகளுக்கும் இதே கதைதான்.

இனிமேல் வருவதைச் சரிசெய்யலாம். அதையும் சொல்லாமல் செய்தால் '50 ரூபா ஏத்திட்டான்' என்றுதான் பேச்சு வரும். இந்த மாத வசூலிலேயே, அடுத்த மாதம் முதல் 200 என்று நோட்டில் எழுதிக் காட்டிவிட்டு வருவது நல்லது. அந்த 23-ல் இன்னமும் கஷ்டத்தில் இருக்கும் வீடு இருந்தால், 150-லேயே விடலாம். ஆனால் இந்த முறை முடிவு தேதி எழுதி.

பூட்டிய ஒன்பது வீட்டுக்கும் முதலில் ஒரு போன். வாரக் கடைசியில் வந்து போகிறவர்களாக இருக்கலாம். பதில் வந்த பிறகு ஆஃப் செய்யலாம். டீக்கடை, கோயில் ஆறு பாக்ஸையும் கட் பண்ண வேண்டியதில்லை. மாசம் 600 ரூபாய் கையை விட்டுப் போகும், அது ஆபரேட்டரின் முடிவு. நோட்டில் பெயர் எழுதி, தொகை கட்டத்தில் 0 என்று போட்டு வைத்தால் போதும். அடுத்த தணிக்கையில் அந்த ஆறும் பட்டியலில் வராது.